வளைக்குறடு

எங்கள் பம்பு கம்பெனியில் டூல் ரூமைப் பார்த்துக்கொள்பவர் கோகிலவாணி அக்கா. பதினாறு வருடமாக அந்தக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால்தான் இருக்கிறார். சீட்டை நீட்டினால் போதும், திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் விட்டு, கேட்ட சாமானை எடுத்துத் தருவார். நான் அசெம்பிளியில் மூன்றாவது மேசை. நடந்தது எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. மிச்சத்தை அக்கா தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

போன ஆடியில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து கம்பெனியைச் சுற்றிப் பார்த்தார்கள். சாமான்களின் படமும் பெயரும் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த டூல் சார்ட் முழுக்க இங்கிலீஷில் இருப்பதைப் பார்த்து, வேலை செய்கிறவர்களின் பாஷையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேனேஜர் கிருபாகரன் அந்த வேலையை அக்காவிடம் கொடுத்தார். அக்கா பாலிடெக்னிக் படித்தவர். அதோடு, மொத்தம் அறுபத்தெட்டுச் சாமானும் எந்த ஆணியில் தொங்குகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

மூன்று வாரம் உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேசைக்குச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்து ஒவ்வொருவரையும் கேட்பார். அகராதியைப் பார்த்தால் ஸ்பேனரும் குறடு, பிளேயரும் குறடு, ரெஞ்சும் குறடு. அதனால் முதலிலேயே ஒரு வேலி போட்டுக்கொண்டார். மரையைத் திருப்புவதெல்லாம் சாவி. கவ்விப் பிடிப்பது மட்டும் குறடு. திறந்த வாய் உள்ளது வாய்ச்சாவி, மூடிய வளையம் உள்ளது வளையச்சாவி. ஆறு பட்டை உள்ள ஆலன் கீக்கு ஆறுமுகச் சாவி என்று அவர் வைத்ததும், எங்கள் மேசை ஆறுமுகத்தை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "பொண்டாட்டிகிட்ட சொன்னா நம்ப மாட்டாளுங், கம்பெனில என் பேருல சாவி தொங்குதுன்னு" என்றான் அவன்.

கஷ்டமெல்லாம் ஒரே மாதிரிப் பெயர்களில்தான். பாக்ஸ் ஸ்பேனர் பார்க்கவே ஒரு குழாய். பைப் ரெஞ்ச் குழாயைப் பிடிப்பது. இரண்டுக்கும் குழாய் என்று எழுதினால் யார் எதைக் கேட்பார்கள் என்று இரண்டு நாள் யோசித்து, முன்னதைக் குழல்சாவி என்றும் பின்னதைக் குழாய்ப்பிடி என்றும் எழுதினார். கேஜ்கள் இன்னும் மோசம். முள்ளோ கோடோ வைத்து அளவு சொல்வது மானி. அளவு சொல்லாமல், நுழைகிறதா இல்லையா என்று மட்டும் காட்டுவது சோதனைக் கருவி. அதனால் பிளக் கேஜ் துளைச் சோதனைக் கட்டை ஆயிற்று, ரிங் கேஜ் தண்டுச் சோதனை வளையம். நாங்கள் இத்தனை நாளும் 'பில்லர் கேஜ்' என்று சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் 'ஃபீலர்' என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு இடைவெளித் தகடு என்று வைத்தார்.

சர்க்லிப் பிளேயருக்குத்தான் ஒரு வாரம் பிடித்தது. பேரிங் வெளியே வராமல் பூட்டுகிற வளையத்தைப் போடவும் எடுக்கவும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கைப்பிடியை அமுக்கினால் முனை சேரும், வளையம் ஒடுங்கி, பேரிங் உட்காருகிற குழிக்குள், அதாவது பேரிங் வீட்டுக்குள் போகும். இன்னொன்றில் அமுக்கினால் முனை விரியும், வளையம் அகன்று ஷாஃப்டின் மேல் ஏறும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பூட்டுவளைய ஒடுக்குக் குறடு, பூட்டுவளைய விரிப்புக் குறடு என்று எழுதினார். இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று, மூக்கு வளைந்த சாதா பிளேயரை வளைமூக்குக் குறடு என்று தனியாகப் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் நம்பரும், முனை தெளிவாகத் தெரிகிற படமும் கொடுத்தார்.

அச்சாகி வந்த சார்ட்டைத் திறப்பு விழா வைத்து மாட்டினார்கள். மஞ்சள் பட்டு ரிப்பன். முதலாளியின் மச்சினர் நன்மாறன் வெட்டினார். அவர் பட்டிமன்றங்களில் பேசுகிறவர். ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் பிடித்திருக்க மாட்டார். விரல்கள் வெண்ணெய் மாதிரி இருக்கும். சார்ட்டின் மேல் பாதியில் முதலாளியின் அப்பா படம், அதன் கீழே நன்மாறன் எழுதிய நாலு வரி வாழ்த்து. மிச்ச இடத்தில் அறுபத்தெட்டுச் சாமானும் புளியங்கொட்டை அளவில். நம்பர் கிடையாது, அழகைக் கெடுக்கிறதாம். நன்மாறன் ஐயா மொழியைச் செப்பனிட்டுக் கொடுத்தார் என்று மேனேஜர் மைக்கில் சொன்னார்.

அக்கா பக்கத்தில் போய்ப் படித்தார். குழல்சாவி குழாய்ச்சாவி ஆகியிருந்தது. குழாய்ப்பிடியும் குழாய்ச்சாவிதான். மானி, சோதனை எல்லாம் 'அளவி' என்று ஒன்றாகிவிட்டது. ஃபீலர் கேஜுக்கு உணர்வளவி. பூட்டுவளையம் நீளமாக இருக்கிறது என்று 'வளை' ஆக்கியிருந்தார். இரண்டு சர்க்லிப் பிளேயரும் வளைக்குறடு. மூக்கு வளைந்த பிளேயரும் வளைக்குறடு. கையில் போடுகிற வளையும் வளைதான், வளைந்து போவதும் வளைதானே. கீழே, தமிழாக்கம்: கே. கோகிலவாணி.

விழா லட்டு கையிலிருந்தது. அக்கா அதைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு நேராக நன்மாறனிடம் போய், மூன்று வேறு சாமானுக்கு ஒரே பெயர் வந்திருக்கிறது என்று சொன்னார். அவர் சிரித்தார். "அம்மணி, பேச்சுன்னா ஓசை வேணும். நீங்க எழுதினது லாரி போற மாதிரி தடதடன்னு இருக்கு. தமிழ்ல ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கறது பெருமைங்க" என்றார்.

"கவிதைக்குப் பெருமைங். இது பிளேயருங்."

மேனேஜர் இடையில் புகுந்து அக்காவை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் ஒரு முறையும், அதற்கடுத்த வாரம் எழுத்திலும் அக்கா சொல்லிப் பார்த்தார். என் பெயரையாவது அதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். வெளிநாட்டுக்காரர்களுக்குப் போட்டோ போயாயிற்று, அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று பதில் வந்தது. அதோடு இன்னொரு உத்தரவு: இனிமேல் சீட்டில் சார்ட்டில் உள்ள பெயரைத்தான் எழுத வேண்டும். இங்கிலீஷில் எழுதினால் சாமான் தரக் கூடாது.

அதற்குப் பிறகு அக்கா மாறிப்போனார். பேச்சு குறைந்தது. சந்தேகம் வந்தால் எந்த வேலைக்கு என்று ஜன்னலுக்கு வருகிறவர்களிடம் கேட்பதையும் விட்டுவிட்டார். குழாய்ச்சாவி என்று எழுதிக் கொடுத்தால் கைக்கு வந்ததை எடுத்து நீட்டுவார். அது இல்லீங்களேக்கா என்றால், "சார்ட்டுல அப்படித்தானுங் போட்டிருக்குது" என்பார். நாங்கள் சிரித்தோம். பழைய ஆட்கள் நாலைந்து முறை நடந்து சரியானதை வாங்கிக்கொண்டோம். மேனேஜருக்கு இப்படித்தான் உறைக்கும் என்று எங்களுக்கும் உள்ளுக்குள் ஒரு குஷி. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ரங்கநாயகி வேலைக்கு வந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவள். எனக்கு எதிர் மேசை. அன்றைக்குப் பகல் பதினோரு மணிக்கு பேரிங் வீட்டில் பூட்டுவளையம் போடச் சொல்லி சூப்பர்வைசர் சீட்டு எழுதிக் கொடுத்தார்: வளைக்குறடு ஒன்று. அவள் வாங்கிக்கொண்டு வந்தது மூக்கு வளைந்த சாதா பிளேயர். சர்க்லிப் பிளேயரின் முனையில் ஊசி போல் இருக்கும், அது வளையத்தின் இரண்டு துளைக்குள் உட்காரும். இதில் அந்த ஊசி கிடையாது. சீட்டில் எழுதியதைத்தானே கொடுத்திருக்கிறார்கள் என்று நம்பி, பிளேயரின் மூக்கை வளையத்தின் துளை உள்ள காதுகளில் வைத்து அழுத்தினாள். பாதுகாப்புக் கண்ணாடி தலைமேல் இருந்தது. எங்களுக்குக் கொடுத்திருந்த கண்ணாடிகள் எல்லாம் கீறல் விழுந்து மங்கியவை. போட்டால் துளை தெரியாது.

டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவள் கத்தக்கூட இல்லை. கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வந்தது. பிளேயரிலிருந்து வழுக்கித் தெறித்த வளையம் என் மேசைக்கு அடியில் கிடந்தது.

இடது கண் போய்விட்டது.

நாலாம் நாள் மேனேஜர் அறையில் விசாரணை. எதிர் மேசையில் இருந்து பார்த்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். நன்மாறனும் வந்திருந்தார். பேப்பர் தயாராக டைப் செய்து வைத்திருந்தார்கள். தொழிலாளி தவறான சாமானைக் கேட்டு வாங்கினார், பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை என்று இருந்தது. அக்கா கையெழுத்துப் போட வேண்டும். நன்மாறன் முந்திரியை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே, சொல்லில் ஒன்றும் தவறில்லை, சூழலை வைத்துப் பொருளைப் புரிந்துகொள்ளத்தான் வேண்டும் என்றார். அந்த வாய் அசைவதைப் பார்க்க முடியாமல் நான் சுவரைப் பார்த்தேன்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "உங்க பேருதானுங்க சார்ட்டுல இருக்குது. இதுல கையெழுத்துப் போட்டா உங்களுக்கும் நல்லதுங்க."

அக்கா அந்தப் பேப்பரைத் திருப்பினார். பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். கால் மணி நேரம் எழுதினார். தான் எழுதிய பெயர்கள் எவை, அவை என்னவாக மாற்றப்பட்டன, எந்தெந்தத் தேதியில் சொன்னார், எல்லாம். கடைசியில் இருந்ததை நான் படித்தேன். அசெம்பிளியில் அன்று பூட்டுவளைய வேலை என்பது காலையிலிருந்தே தனக்குத் தெரியும், சீட்டைப் பார்த்ததும் எது வேண்டும் என்று புரிந்தது, ஆனாலும் சார்ட்டின் மேலிருந்த வெறுப்பில் முதலில் கைக்கு வந்ததைக் கொடுத்துவிட்டதாகவும், அந்தப் பெண் புதிது என்று நினைத்துப் பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தார்.

"இதையேனுங்க எழுதறீங்?" என்றார் மேனேஜர். "உங்க கழுத்துக்கு நீங்களே கயிறு போட்டுக்கறீங்."

"நீங்க டைப் அடிச்சு வச்சிருக்கறதைப் பார்த்தா உமட்டுதுங். அதே மாதிரி நானும் ஒண்ணு எழுதோணுமாக்கும்?"

அக்கா எழுதியதில் ஒரு நகல் தனக்கென்று வைத்துக்கொண்டு, இன்னொன்றைத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு அக்கா போனபோது நானும் கூடப் போனேன். ரங்கநாயகியின் அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அக்கா கட்டிலருகே நின்று, எழுதிக் கொடுத்ததை அப்படியே வாயால் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

ரங்கநாயகி கட்டுப் போடாத கண்ணால் அவரையே பார்த்தாள். "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சே குடுத்தீங்களாக்கா?"

"ஆமாங் கண்ணு."

"போயிருங்க" என்றாள். அம்மாவிடம் திரும்பி, சுளையைக் கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். சார்ட்டைக் கழற்றச் சொன்னார், கண்ணாடிகளை மாற்றச் சொன்னார், கம்பெனி மேல் வழக்குப் போட்டார். அக்காவுக்கு ஒரு மாத சஸ்பென்ஷன். திரும்பி வந்தபோது புது சார்ட் வந்திருந்தது. அவர் முதலில் எழுதிய பெயர்கள், நம்பர், பெரிய படங்கள். நன்மாறன் அதற்கப்புறம் கம்பெனிப் பக்கம் வரவில்லை. ஆனால் பொங்கல் பட்டிமன்றத்தில் தொழிலாளர் நலம் பற்றி உருகி உருகிப் பேசினார் என்று கேள்வி. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனதாம்.

புதுச் சார்ட்டிலும் அக்கா பெயரைப் போட்டிருந்தார்கள். மேனேஜர் அதை ஒரு சன்மானம் போலச் சொன்னார். அக்கா பிளேடால் அந்த வரியைச் சுரண்டிவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

ரங்கநாயகி இப்போது பெயிண்ட் பிரிவில் இருக்கிறாள். டூல் ரூமுக்கு வர வேண்டியதில்லை. கேன்டீனில் அக்கா வரிசையில் நின்றால் அவள் தட்டோடு வெளியே போய் மரத்தடியில் நின்றுகொள்வாள். அக்கா அதைப் பார்த்ததிலிருந்து கேன்டீனுக்கே வருவதில்லை. டிபன் பாக்ஸை டூல் ரூமிலேயே திறக்கிறார். சீட்டை நீட்டினால், ஒருவர் விடாமல், "எந்த வேலைக்குங்?" என்று கேட்கிறார்.