மஞ்சள் தடவிய கொழுப்பு

குலசேகரத்தில் முப்பது வருஷமாக மாட்டிறைச்சி வெட்டுகிறேன். இப்போதைய முதலாளி வினோஜ், துபாயிலிருந்து திரும்பியவன். வந்ததும் கடையில் இரண்டு விலை வைத்தான். சோளமும் புண்ணாக்கும் போட்டுக் கொழுக்க வைத்த மாடு கிலோ நானூறு. கறிக்குள்ளேயே வெள்ளைக் கொழுப்பு ஓடி மெத்தென்று இருக்கும். 'புல் மட்டும்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய எருமை அறுநூறு. கருஞ்சிவப்பு, கொழுப்பு குறைவு, வேக நேரமாகும், ருசி அழுத்தம்.

ஸ்டிக்கரில் பொய்யில்லை. அந்த எருமை ரப்பர் தோட்டத்துப் புல்லைத் தவிர வேறெதுவும் தின்றதில்லை.

ஆனால் வினோஜ் போனில் எதையோ பார்த்துவிட்டான். "அண்ணே, புல்லு தின்னா கொழுப்பு மஞ்சளா இருக்கணுமாம். இது வெள்ளையால்லா இருக்கு? எவன் நம்புவான்?"

"அது பசுமாட்டுக்குடே. எரும எவ்வளவு புல்லு தின்னாலும் கொழுப்பு வெள்ளதான்."

கேட்டால்தானே! மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்து, என் கையாலேயே கொழுப்பில் பூச வைத்தான். சீ! எத்தனை தடவை கழுவியும் விரலில் மஞ்சள் போகவில்லை.

பத்து மணிக்கு, வழக்கமாகக் கறி வாங்கும் நர்ஸ் அபினா வந்தாள். கொழுப்பைத் தொட்டதும் அவள் விரல் மஞ்சளானது. முகர்ந்து பார்த்தாள்.

"அப்போ இந்த ஸ்டிக்கரும் பொய்தானே அண்ணே?"

அது ஒன்றுதான் நிஜம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷமும் ரத்தம் பட்ட கையைக் கழுவிவிட்டுச் சோறு தின்றவன் நான். அன்று மதியம் ஸ்பூன் கேட்டேன்.