குனிந்த முகத்துக்கு ஒரு கண்ணாடி

கிளியனூர்ப் பக்கத்து நடவு வயல்களில் பூமாலையின் கைக்கு ஒரு பேர் இருந்தது. அவள் வரிசையில் முதல் ஆளாக இறங்கினால் மற்ற பதினோரு பேரும் அவள் போன கோட்டைப் பார்த்துப் பின்னால் வருவார்கள். கயிறு கட்டாமலே நேராக நடுவாள். ஆனால் பத்தாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி போட்டவள். மைனஸ் ஏழு பவர். கழற்றிவிட்டால் ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் எல்லாமே பச்சையும் பழுப்புமாகக் கலங்கிவிடும். குனிந்து நடும்போது கை இருக்கும் இடமே அந்த ஒரு சாணைத் தாண்டித்தான்.

ஆவணி பிறந்ததும் நடவு தொடங்கியது. மழை வராமல் வெறும் புழுக்கமாக நின்ற ஒரு காலையில், நிலக்காரர் துரைக்கண்ணுவின் வயலில் நட்டுக்கொண்டிருந்தபோது கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கி வந்தது. இரண்டு கையிலும் சேறு. வழக்கம்போல முழங்கையால் மேலே தள்ளப் போனாள். அதற்குள் அது சேற்றில் விழுந்துவிட்டது. "யாரும் காலை எடுக்காதீங்க!" என்று கத்தினாள். பின்னால் வந்த முனியம்மாள் பதறிப்போய் ஓர் அடி தள்ளி நின்றாள். அவள் காலுக்கடியில்தான் அது நொறுங்கியது.

அன்று மீதி நாளைப் பூமாலை தடவித் தடவி நட்டாள். அவள் நட்ட வரிசை கோணிப்போயிற்று. துரைக்கண்ணு வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் முகம் கழுவிப் பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு திண்டிவனம் போனாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கோதண்டபாணியின் கண்ணாடிக் கடை. ஏசி வைத்த சின்னக் கடை. கண்ணைச் சோதித்துப் பவர் எழுதுவது அவர். சட்டத்தை முகத்துக்குப் பொருத்திக் கொடுப்பது ஜெசிந்தா. இருபத்தாறு வயதிருக்கும். இஸ்திரி கலையாத வெளிர் நீலச் சுடிதார், நெற்றியில் இழுத்து வாரிய முடி. பூமாலையை நாற்காலியில் உட்காரவைத்து, புதுக் கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் போகும் கம்பிகளைச் சூடுகாட்டி இறுக்கி வளைத்துக் கொடுத்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொன்னாள். அசையவே இல்லை.

"இனிமே வுழாதுக்கா."

வயலில் இரண்டாவது மணி நேரத்திலேயே வழுக்கியது. இறுக்கிய கம்பி காதுக்குப் பின்னால் அறுத்துப் புண்ணாக்கியதுதான் மிச்சம்.

மறுபடி போனாள். ஜெசிந்தா இந்தத் தடவை கம்பியைத் தளர்த்திவிட்டு ஒரு கயிறு கொடுத்தாள். இரண்டு முனையிலும் ரப்பர் வளையம்; கண்ணாடிக் கம்பியில் மாட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். விழுந்தாலும் மார்பில் தொங்கும், சேற்றுக்குப் போகாது. நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் குனிந்து நிற்கிறவளுக்கு அது மார்பில் எங்கே தங்கும்? கழன்று விழுந்த கண்ணாடி கயிற்றோடு நேராகக் கீழே தொங்கி, சேற்றுத் தண்ணீரில் முங்கி, நாற்றுத் தாளில் சிக்கிக்கொண்டது. புது லென்ஸில் கீறல் விழுந்தது.

"பேசாம வூட்ல இருந்து பாருக்கா, இந்த வருசம்," என்றாள் முனியம்மாள். தன் கால் பட்டு உடைந்தது என்ற வருத்தம் அவளுக்கு இன்னும் போகவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். பூமாலைக்கு நெஞ்சில் குத்தியது.

மூன்றாவது தடவை கடைக்குப் போகவே கூச்சமாக இருந்தது. குறை சொல்லிக்கொண்டே வருகிறவள் என்று நினைப்பார்களோ? ஆனால் ஜெசிந்தா அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கின் இருபுறமும் உட்காரும் சின்னப் பட்டைகளை நகத்தால் சுரண்டினாள். போன மாதம் தெளிந்த கண்ணாடி மாதிரி இருந்தவை இப்போது மஞ்சளாகிக் கிடந்தன.

"அக்கா, நீங்க வேலை செய்யறப்ப இப்பிடித்தான் இருப்பீங்களா? பவுடர் போட்டுக்கினு?"

பூமாலைக்குச் சிரிப்பு வந்தது. "யாரு பவுடர் போட்டுக்கினு நடவுக்குப் போவாங்க? கடைக்கி வர்றோம்னுதான்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. "தப்பு என்னுதுக்கா. ஏசில உக்கார வெச்சி, காஞ்ச மூஞ்சிக்கி அளவு எடுத்தேன். நாளைக்கி நடவுலருந்து நேரா வாங்க. மூஞ்சி கழுவாதீங்க. சேலை மாத்தாதீங்க."

"சேறோடவா? பஸ்ல வுடுவானா?"

"வுடலைன்னா போன் பண்ணுங்க, நான் வண்டியில வந்து கூட்டிக்கினு வர்றேன்."

பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார்கள். நின்றுகொண்டே போனாள். முட்டிவரை காய்ந்த சேறு, வியர்வையில் ஊறிய ரவிக்கை, தலை எண்ணெய் கரைந்து நெற்றியில் வழிந்த முகம். கடை வாசலில் தயங்கி நின்றாள். உள்ளே இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெசிந்தா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள். முதல் வேலையாக ஏசியை நிறுத்தினாள். பிறகு மின்விசிறியையும் நிறுத்தினாள்.

"ஏம்மா, புழுங்குதே," என்றார் கோதண்டபாணி.

"புழுங்கணும் சார்." பிறகு பூமாலையிடம், "நடுங்கக்கா. நாத்து நடற மாதிரி குனிஞ்சி, கையை ஓட்டுங்க."

பூமாலை தயங்கிவிட்டுக் குனிந்தாள். கைகள் தாமாகவே பழகிய வேகத்தில் தரையில் ஓடத் தொடங்கின. அப்போது ஜெசிந்தா ஒரு காரியம் செய்தாள். தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து, அந்த இஸ்திரி கலையாத சுடிதாரோடு மல்லாந்து படுத்து, பூமாலையின் முகத்துக்கு நேர் கீழே தலையை நகர்த்திக்கொண்டு வந்தாள். கையில் சின்ன டார்ச்.

பூமாலை திடுக்கிட்டு நிமிரப் போனாள்.

"நிமிராதீங்க! அப்பிடியே இருங்கக்கா."

பூமாலையின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை ஜெசிந்தாவின் கன்னத்தில் விழுந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அது எந்த வழியாக வந்தது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத்தின் நடுவில் சேர்ந்து, மூக்கின் இரண்டு பக்கமும் பிரிந்து, பட்டைக்கு அடியில் நுழைகிறது. வியர்வையோடு எண்ணெயும். அங்கே பிடிமானம் போய்விடுகிறது.

இத்தனை வருடத்தில் தன் முகத்தை இவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை என்று பூமாலைக்குத் தோன்றியது. படித்த பெண், தரையில் கிடக்கிறாள், தன் வியர்வை ஓடுகிற பாதையைப் பார்க்க.

"சார், பாருங்களேன்," என்றாள் ஜெசிந்தா கீழிருந்தே. "பட்டை ரெண்டும் மூக்குல முழுசா உக்காரல. அடி ஓரம் மட்டும் தொட்டுக்கினு இருக்கு. ஃப்ரேமும் பெரிசு. பவர் லென்ஸ் ஓரத்துல தடிமனா இருக்கே, அந்த வெயிட்டெல்லாம் முன்னால இழுக்குது. கம்பி காதைத் தாண்டி ஒரு விரக்கடை போயித்தான் வளையுது. குனிஞ்சா புடிக்க ஒண்ணுமே இல்ல."

கோதண்டபாணி மேசையைச் சுற்றி வந்தார். ஏதோ திட்டப் போகிறார் என்று பூமாலை நினைத்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தி உட்கார்ந்து, மூக்குப் பட்டை வளைக்கும் குறட்டை ஜெசிந்தாவின் கையில் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் புதுக் கண்ணாடி தயாரானது. முகத்துக்கு அளவான சின்னச் சட்டம்; பவர் அதேதான் என்றாலும் லென்ஸ் மெலிசு, எடை குறைவு. மூக்கில் கெட்டிப் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக அகலமான, ரப்பர் போன்ற சிலிகோன் பட்டை. அதைத் தாங்கும் குட்டிக் கம்பிகளை ஜெசிந்தா மறுபடி தரையில் படுத்து, பூமாலை குனிந்திருக்கும்போதே வளைத்து, பட்டை முழுவதும் மூக்கில் படியும்படி உட்காரவைத்தாள். காதுக்குப் பின்னால் நேர்க்கம்பி இல்லை. காதின் வேரைச் சுற்றிக் கொக்கிபோல வளைந்து இறங்கும் மெல்லிய சுருள் கம்பி. இறுக்காமல், ஆனால் விடாமல் பிடித்தது. கயிறும் உண்டு. ஆனால் குட்டைக் கயிறு. கொண்டைக்குக் கீழே பின்மண்டையை ஒட்டி நிற்கும். அதில் கோத்த ஒரு மணியை நகர்த்தி அளவு வைத்துக்கொள்ளலாம்.

"ரெண்டு விரல் நுழையற அளவு வுடுங்க. ரொம்ப இழுத்தா பட்டை மூக்குல குத்தும்," என்றாள் ஜெசிந்தா. "சிலிகோன்னா வழுக்கவே வழுக்காதுன்னு நெனைக்காதீங்க. எண்ணெ ஏறுச்சின்னா அதுவும் வழுக்கும். தெனமும் சாயங்காலம் சோப்புத் தண்ணில பட்டையைக் கழுவுங்க. காலைல மூக்கையும் சோப்பு போட்டுக் கழுவித் தொடச்சிட்டு மாட்டுங்க. நடவு அன்னிக்கி தலைக்கி எண்ணெ வெக்காதீங்க. நெத்தியில ஒரு துணி கட்டிக்குங்க, வேர்வை அங்கயே நிக்கும். பட்டை மஞ்சளாச்சின்னா வாங்க, மாத்திடலாம்."

துரைக்கண்ணுவின் பெரிய வயலில் அடுத்த நாள் நடவு. பூமாலை வருவாளா என்று யாரும் கேட்கவில்லை. அவள் நெற்றியில் துணி கட்டிக்கொண்டு வந்து, முதல் நாற்றுமுடியைப் பிரித்து, முதல் ஆளாக இறங்கினாள். காற்றே இல்லை. மேகம் தாழ்ந்து, வயலிலிருந்து ஆவி எழும்பி முகத்தில் அடித்தது. பத்து மணிக்குள் முதுகு நனைந்துவிட்டது. அவள் ஒவ்வொரு நிமிடமும் மூக்கின் மேல் கவனமாக இருந்தாள். விழப் போகிறது, இதோ விழப் போகிறது. விழவில்லை. பதினொரு மணிக்குமேல் அவள் அதை மறந்துபோனாள். நாற்றும் விரலும் சேறும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொரு தாளின் நுனியும் தெரிந்தது.

மாலை மூன்று மணிக்கு எதிர்வரப்பைத் தொட்டு நிமிர்ந்து பார்த்தபோது மற்றவர்கள் பத்தடி பின்னால் இருந்தார்கள். அவள் வந்த வழி நூல் பிடித்தாற்போல நேராகக் கிடந்தது. முனியம்மாள் வரப்பேறி வந்து, அவள் கண்ணாடியை ஒரு விரலால் அசைத்துப் பார்த்தாள்.

"யக்கா, ஒட்டி வெச்ச மாதிரி இருக்கே!"

துரைக்கண்ணு மேற்கு வயலைக் கைகாட்டினார். "வெள்ளிக்கெழம அதையும் நீயே புடிச்சிக்கம்மா," என்றார்.

வீட்டுக்கு வந்து பட்டையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தாவின் போன் வந்தது.

"அக்கா, எத்தினி தடவ மேல ஏத்தி வுட்டீங்க?"

பூமாலை யோசித்தாள். "மூணு தடவ. அவ்ளோதான். முன்னல்லாம் நிமிசத்துக்கு ஒரு தடவ. நீ நல்லா இருப்பே, தாயி."

மறுமுனையில் பேனா தேடும் சத்தம் கேட்டது.

"மூணா? எப்பெப்ப?"

"ஒண்ணு கஞ்சி குடிச்சப்பறம். மூஞ்சியை முந்தானையில தொடச்சேன். மீதி ரெண்டும் மத்தியானம்."

"தொடச்சப்ப கொக்கி நகந்திருக்கும். ஆனா மீதி ரெண்டு ஏன்?" பேனா தாளில் ஓடியது. "வலது பட்டை இன்னும் ஒரு மயிரிழை உள்ள வரணும்னு நெனைக்கிறேன். வெள்ளிக்கெழம எந்த வயல்க்கா? கொறடு எடுத்துக்கினு நானே வர்றேன். வரப்புல படுத்துக்கினு பாக்கறேன்."

"சேறும்மா, துணியெல்லாம் வீணாப் பூடும்!" என்றாள் பூமாலை. ஆனால் சொல்லும்போதே, அந்தப் பெண் கட்டாயம் வந்து படுப்பாள் என்று அவளுக்குத் தெரிந்தது. மேற்கு வயலுக்குப் போகும் வழியை, எந்தத் திருப்பத்தில் வண்டியை நிறுத்த வேண்டும் என்பதுவரை, நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள்.