அலாரம் ஒலிக்கவில்லை

திருச்சித் தனியார் மருத்துவமனை ஒன்றில் உள்தணிக்கையாளராக இருந்த கேத்தரின், தடுப்பூசிகளை வைக்கும் குளிர்பெட்டிகள் பற்றிய தன் அறிக்கை வரைவை, ‘பொதுவாகத் திருப்தி, சில மேம்பாடுகள் தேவை’ என்று முடித்திருந்தாள்.

வரைவைப் படித்த மருந்தகப் பொறுப்பாளர் பீமராவ், “சரியா இருக்குங்கிறீங்களா, இல்லைங்கிறீங்களா?” என்று கேட்டார்.

அவர் மனம் நோகக் கூடாதென்றுதான் அவள் பூசி மெழுகியிருந்தாள். “இல்லைன்னுதான் சார்.”

“அப்ப அதையே எழுதுங்க. பெட்டியில குளிர் குறைஞ்சா அடிக்கிற அலாரத்தை மாத்தச் சொல்லி ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன், யாரும் கேக்கலை.”

அவள் மாற்றி எழுதினாள்: ‘எங்கள் முடிவு: வெப்பநிலைக் கட்டுப்பாடு போதுமானதல்ல. அடிப்படை: ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பதிவேட்டில் பத்தொன்பது நாள் வெப்பநிலை குறிக்கப்படவில்லை, சோதித்த ஐந்து அலாரங்களில் மூன்று ஒலிக்கவில்லை.’

நிர்வாகத்தின் தணிக்கைக் குழு மறுகேள்வி கேட்காமல் புது அலாரங்களுக்கு ஒப்புதல் தந்தது.

அடுத்த வாரம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் இருந்தவளை பீமராவ் போனில் அழைத்தார். “மேடம், புது அலாரம் மாட்டிட்டாங்க. சத்தம் கேக்குதா?”

கேட்டது. கேத்தரின் வாய்விட்டுச் சிரித்தாள்.