பதினொரு ஹைட்ரஜன்

வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய ஒரு சின்னப் புட்டி மேனேஜர் மேசைமேல் இருந்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்ததுமே அக்கா வாசலில் நின்றுவிட்டாள். புட்டிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் தாள். எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றது அவளுடைய சொந்தத் தம்பி.

வாடிக்கையாளர் கேட்கிற வேதிப்பொருளை ஐந்து கிராம், பத்து கிராம் என்று செய்து கொடுக்கிற ஆய்வுக்கூடம் அது. ஆர்டர் வந்தால் பொருளின் பெயரைப் படித்து, அதன் கட்டமைப்பை மஞ்சள் தாளில் கையால் வரைய வேண்டும். அது தம்பியின் வேலை. வரைந்ததைச் சரிபார்ப்பது அக்காவின் வேலை. ஓர் அணு இன்னொன்றைப் பிடிக்கிற பிணைப்பைத்தான் அங்கே ‘கை’ என்பார்கள்: கார்பனுக்கு நாலு கை, நைட்ரஜனுக்கு மூணு, ஆக்சிஜனுக்கு ரெண்டு, ஹைட்ரஜனுக்கு ஒண்ணே ஒண்ணு. அத்தனை கையையும் பென்சில் புள்ளி வைத்து எண்ணுவாள். மிச்சமாக ஒரு ஹைட்ரஜன் நின்றால் போதும், பிடித்துவிடுவாள். அதனால் அவளுக்கு ‘ஹைட்ரஜன் அக்கா’ என்று பட்டப்பெயர். கேலிதான், ஆனால் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

தப்பைக் கண்டால் அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சிவப்பு வட்டம் போட்டு, வரைந்தவனிடமே திருப்பிக் கொடுப்பது. அவள் கையால் ஒரு கோடுகூடத் திருத்தக் கூடாது. வட்டம் போட்ட தாள் ஃபைலில் ஏறும். தம்பியின் ஃபைலில் இந்த வருடம் ஏற்கனவே இரண்டு. மூன்றாவது விழுந்தால் வேலை கிடையாது என்று மேனேஜர் எழுதியே கொடுத்துவிட்டார். வீட்டில் அவன் மனைவிக்கு ஏழாம் மாதம்.

அதற்கப்புறம் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? அவன் தப்பு விட்ட தாளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, அவன் கையெழுத்து மாதிரியே புதுத் தாளில் தானே சரியாக வரைந்தாள். “டீ கொட்டிடுச்சுடா, இதுல ஒரு கையெழுத்து போடு” என்று நீட்டுவாள். அவனும் பார்க்காமலே போடுவான். அக்கா நீட்டிய தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற தம்பி எந்த ஊரில் இருக்கிறான்?

“வாங்கம்மா,” என்றார் மேனேஜர். “நீங்களே எண்ணுங்க.”

அக்கா உட்கார்ந்தாள். பென்சிலை எடுத்தாள். நடுவில் பென்சீன் வளையம். அதன் இடப்பக்கம் மெத்தாக்சி, அதாவது ஓர் ஆக்சிஜனும் அதைப் பிடித்த மீத்தைலும். அதில் மூணு ஹைட்ரஜன். வளையத்தில் நாலு. வலப்பக்கம் அமைடு, அதாவது ஆக்சிஜனைச் சுமக்கிற கார்பனைல் கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்தது; அந்த நைட்ரஜனில் ஒண்ணு. கடைசி மீத்தைலில் மூணு.

“பதினொண்ணு சார். ஆர்டர்லயும் பதினொண்ணுதான். எல்லாக் கையும் சரியா இருக்கு. அமைடு இருக்கு, மெத்தாக்சி இருக்கு.”

“எல்லாம் இருக்கு. எடைகூட சரியாத்தான் இருந்துச்சு. அதை மட்டும் பார்த்துட்டு நானும் அனுப்பிட்டேன், என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். அவங்க என்எம்ஆர் எடுத்துப் பார்த்திருக்காங்க, எந்த அணு எங்க ஒட்டியிருக்குன்னு அது காட்டிடும். கடைசி மீத்தைல் இருக்க வேண்டிய இடத்துல இல்லையாம். எந்தக் கை எதைப் பிடிச்சிருக்குன்னு பாருங்க.”

அக்கா பார்த்தாள். பென்சில் அமைடில் போய் நின்றது.

வளையத்தைப் பிடித்திருக்க வேண்டியது நைட்ரஜன். தாளில் பிடித்திருந்தது கார்பனைல். நைட்ரஜனோ வெளியே போய் மீத்தைலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அதே எடை. பொருள் மட்டும் வேறு. ஆய்வுக்கூடத்தில் பொருளைச் செய்த பெண்ணும் தாளை நம்பி அந்த வேறு பொருளைச் சுத்தமாகச் செய்து கொடுத்திருக்கிறாள்.

அந்தத் தாளைத் தான் திரும்ப வரைந்த காலை நேரம் அவளுக்கு அப்படியே ஞாபகம் வந்தது. தம்பி வரைந்ததில் அமைடு வளையத்துக்கு இடப்பக்கம் இருந்தது: முதலில் மீத்தைல், பிறகு கார்பனைல், பிறகு NH, பிறகு வளையம். அது ரொம்பச் சரி. அவன் விட்ட தப்பு மறுபக்கம். மெத்தாக்சி ஒட்டிய கார்பனிலேயே ஒரு ஹைட்ரஜனையும் ஒட்டியிருந்தான். கார்பனுக்கு ஐந்து கை! மொத்தம் பன்னிரண்டு ஹைட்ரஜன். அக்கா அந்த ஒன்றை விட்டுவிட்டுப் புதுத் தாளில் வரைந்தாள். ஓரத்தில் இடம் போதாதென்று படத்தை இடம் வலமாக மாற்றினாள். மாற்றியவள் அமைடைத் திருப்பவில்லை. கார்பனைல், NH என்று பழைய வரிசையிலேயே எழுதிவிட்டாள். எழுதி முடித்ததும் ஹைட்ரஜனை எண்ணினாள். பதினொண்ணு. ஆஹா, தீர்ந்தது வேலை!

பாழாய்ப் போன பதினொண்ணு.

“சார், நான்தான் தப்பா போட்டிருப்பேன்,” என்றான் தம்பி. “எப்படிப் போட்டேன்னே தெரியல. ஆனா கையெழுத்து என்னோடதுதான். அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க.” கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அவனாகவே கழற்றினான்.

அக்கா அதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவளுக்கு ஒரு கெட்ட பெயர், அவ்வளவுதான். அவனுக்கு வேலை போகும், அதுவும் செய்யாத தப்புக்கு.

“அட்டையை மாட்டுடா,” என்றாள். “சார், இது இவன் வரைஞ்சதில்ல. நான் வரைஞ்சது. இவன் போட்ட அமைடு சரி. நான்தான் தப்பாத் திருப்பினேன்.”

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். “நீங்க எதுக்கும்மா வரைஞ்சீங்க?”

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பிக்குப் புரிந்துவிட்டது. அவன் முகம் செத்துப் போயிற்று.

“டீ கொட்டினதெல்லாம் பொய்யா?”

“ஆமா.”

“எத்தனை?”

வாழ்நாள் முழுக்க எண்ணியவள் அல்லவா? அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. “ஏழு.”

“நான் தேறிட்டேன்னு நினைச்சேன்க்கா,” என்றான். “மூணு மாசமா ஒரு வட்டம் இல்ல. வீட்டுல அவகிட்டகூடச் சொன்னேன், இனிமே பயமில்லன்னு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜரைப் பார்த்தான். “சார், ஒரு தாள் குடுங்க. ஆர்டரையும் குடுங்க. இப்பவே, உங்க முன்னாடியே போடறேன்.”

நின்றபடியே வரைந்தான். வளையம். இடப்பக்கம் மீத்தைல், கார்பனைல், NH. நைட்ரஜன் வளையத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு வலப்பக்கம் மெத்தாக்சி. பிறகு வளையத்தைச் சுற்றி ஹைட்ரஜன்கள், ஒவ்வொன்றாக. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

அடுத்து, மெத்தாக்சி ஒட்டிய கார்பனுக்குப் பக்கத்தில் அவன் பேனா போயிற்று. அக்கா மனசுக்குள்ளேயே கத்தினாள். வேண்டாம்டா. அங்கே வேண்டாம்.

அவன் ஐந்தாவதையும் போட்டான். கையெழுத்திட்டு அவள் பக்கம் தள்ளினான். “எண்ணுக்கா.”

மேனேஜர் சிவப்புப் பேனாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அக்கா பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். பன்னிரண்டு. எண்ணாமலே தெரியும், இருந்தும் எண்ணினாள். பிறகு அந்த ஒரு ஹைட்ரஜனைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, தாளைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

மேனேஜர் ஃபைலைத் திறந்து ‘மூன்று’ என்று எழுதினார்.

தம்பி வட்டத்தைப் பார்த்தான். விரலை வைத்து அந்தக் கார்பனின் கைகளை மெதுவாக எண்ணினான். வளையத்துக்குள் இரட்டைக் கோட்டையும் சேர்த்து மூணு, மெத்தாக்சிக்கு ஒண்ணு. விரல் அங்கேயே நின்றது.

“ஓ,” என்றான். “இங்க இடமே இல்லையே. அன்னிக்கும் இதேதானா?”

“அன்னிக்கும் இதேதான்.”

“இதை எங்கிட்ட காட்டியிருக்கலாமேக்கா,” என்றான் தம்பி.