ஆறு மணி என்று எழுதிய கை

சலவை ஆலையின் மேலாளர் அம்மாவுக்கு வசவு பிடிக்காது. எழுத்தர் எழுதிக் கொண்டுவந்த எச்சரிக்கைக் கடிதத்தில் ‘பொறுப்பற்ற’, ‘திமிர்’ என்ற இரண்டையும் அடித்தார். ‘பலமுறை எச்சரித்தும்’ என்றிருந்ததைத் தன் குறிப்பேட்டைப் பார்த்து ‘இருமுறை நேரில் சொல்லியும்’ என்று தேதியோடு மாற்றினார். ஒன்பது தாமதங்களுக்கும் வாயிற்பதிவு நேரம், இனித் தொடர்ந்தால் வேலைக்கே ஆபத்து, மூன்று நாளில் எழுத்தில் பதில். நறுக்கென்று முடிந்தது.

கடிதம் காலை ஷிப்டின் பாய்லர்காரனுக்கு. பட்டப்பெயர் சாவகாசம். வேலையில் கெட்டிக்காரன், படுக்கையை விட்டு எழுவதற்குத்தான் ஆள் வைத்துத் தூக்க வேண்டும். மாற்று ஆள் வராமல் எரிகிற பாய்லரை விட்டு நகரக் கூடாது என்பதால் அவன் வரும்வரை இரவு ஷிப்டுக்காரர் காத்துக் கிடப்பார்.

கடிதத்தைப் படித்தவன் தெம்பாகவே நிமிர்ந்தான். “பாய்லர் ரிஜிஸ்டரை எடுத்துப் பாருங்க மேடம். எல்லா நாளும் ஆறு மணிக்கு நான் பொறுப்பு எடுத்ததா இருக்கும்.”

ரிஜிஸ்டர் வந்தது. அப்படித்தான் இருந்தது. அவன் வாயிலைத் தாண்டியதே ஆறு இருபதுக்கு. பாய்லரை எடுத்ததோ ஆறு மணிக்காம். மேலாளர் அம்மா சிரிக்கவில்லை. இது யார் கையெழுத்து என்று மட்டும் கேட்டார்.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எழுதியவர் இரவு ஷிப்டுக்காரர்; அவரிடம் தானே அப்படி எழுதச் சொன்னதாக அவசரமாகச் சொன்னான். அம்மா நம்பவில்லை. அவரையே கூப்பிட்டனுப்பினார்.

அவர் மறைக்கவில்லை. “அவன் கேக்கல மேடம். வேலை போயிடக் கூடாதேன்னு நானாத்தான் எழுதினேன்.”

“நீங்க எப்ப வீட்டுக்குப் போவீங்க?”

அவர் தயங்கினார். ஆறு பத்து பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழேகாலுக்குத்தான் என்றார். அந்த ஒன்பது நாளும் ஏழேகால்தான்.

சாவகாசம் இருபது நிமிஷம்தானே என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே” என்றான்.

அம்மா அசையவில்லை. பொய் நேரம் எழுதியதற்கு இரவு ஷிப்டுக்காரரும் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். பாய்லர் பதிவில் பொய் இருந்தால் நாளைக்கு விபத்து நடக்கும்போது அதுவே எமன் என்றார். சாவகாசத்திடம் பேனாவை நீட்டினார். கடிதம் பெற்றேன் என்று கையெழுத்திட்டவன், மூன்று நாள் வேண்டாமென்று அங்கேயே ஒரு வரி பதிலும் எழுதிக் கொடுத்தான்: வாயிற்பதிவில் உள்ளதே சரி.

மறுநாள் ஐந்து நாற்பதுக்கே பாய்லர் அறைக்கு வந்துவிட்டான். நீர்மட்டம் பார்த்தான், அழுத்தம் பார்த்தான், மணி ஆறானதும் பேனாவைத் தானே வாங்கி ஆறு மணி என்று எழுதினான்.

“ஓடுங்க அண்ணே, பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.”