மேஸ்திரியும் ஆட்களும்

ஊசியக்காவுக்கு வலது கைக் கட்டைவிரல் மடங்கவில்லை. விடியற்காலை லாரியில் ஏற்றிய வெங்காய மூட்டைகளுக்கு வாய் தைத்து முடித்த கை அது. கோணூசியைப் பிடித்தபடியே விறைத்துப்போயிருந்தது. இடது கையால் அதை நீவிவிட்டுக்கொண்டே பெயிண்ட் கம்பெனியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன், மூட்டை தூக்குகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. அவனுக்குப் பின்னால் அவர்கள் கால்பந்து அணிக்குக் கோல் காக்கிற பையன். ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம், அதனால் அவனை மார்க்கெட்டே ஒட்டடை என்றுதான் கூப்பிடும். மாதிரிக்குச் செய்த பேனரைச் சுருட்டித் தோளில் வைத்திருந்தான்.

"குனிஞ்சு வாடா. கதவுல முட்டி அதுக்கும் காசு கேப்பாங்க," என்றான் மேஸ்திரி.

இவர்கள் வருடாவருடம் நடத்தும் மார்க்கெட் ஆட்களின் கால்பந்துப் போட்டிக்கு எட்டு அணிகள் பேர் கொடுத்திருந்தன. கொடுத்த நுழைவுக் கட்டணம் முழுவதும் மைதானத்துக்கு முன்பணமாகப் போய்விட்டது. மைதானத்தின் மீதிப் பணத்தை இன்று மாலை ஐந்துக்குள் கட்டவில்லை என்றால் முன்பணம் போனது போனதுதான். வழக்கமாகப் பணம் தரும் கமிஷன் கடைக்காரர் இந்த வருடம் கையை விரித்துவிட்டார். விளம்பரத்துக்குப் பணம் கேட்டு ஊசியக்கா ஊரிலுள்ள கம்பெனிகளுக்கெல்லாம் எழுதினாள். பதில் வந்தது இந்த ஒரு இடத்திலிருந்துதான்.

கடிதத்தை அவளே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடிக்க வைத்திருந்தாள். சந்திக்க விரும்பும் நேரம்: வெள்ளி காலை பதினொன்று, இருபது நிமிடம் போதும். காட்டப்போவது: போன வருடப் போட்டிக்கு வந்த கூட்டத்தின் படங்கள், உங்கள் பெயர் வரும் இடங்கள், செலவுக் கணக்கு. வருபவர்கள்: மேஸ்திரியும் ஆட்களும். லாரிக்குத் துண்டுச் சீட்டு எழுதும்போது அவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். மேஸ்திரி பேர் ஒன்று போதும், அவன் பின்னால் யார் வந்தாலும் எந்தக் கேட்டிலும் கேட்பாரில்லை.

உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள். மேஸ்திரியின் அடையாள அட்டையை வாங்கி ஒரு பாஸ் அடித்தாள். ஒன்றே ஒன்று.

"எங்களுக்கு?" என்றாள் ஊசியக்கா.

"ஒருத்தர் பேர்தாங்க வந்திருக்கு."

"ஆட்களும்னு எழுதியிருக்கேனே."

"ஆட்களும்னு எப்படிங்க பாஸ் அடிக்கிறது? பேரை மொதல்லயே மேல அனுப்பியிருந்தா அவங்க ஓகே பண்ணியிருப்பாங்க. இப்ப நானா சேர்க்க முடியாது."

"மேல ஒரு வார்த்தை கேளுங்கம்மா. பேசப்போறதே நான்தான்."

அந்தப் பெண் மேனேஜரின் உதவியாளருக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். "சார் ரூம்ல இருக்காங்க போல, எடுக்கலை. சார் பதினொன்றரைக்கு ஏர்போர்ட் கிளம்பறார். ஒருத்தராவது போங்க, இல்லைன்னா அதுவும் போயிடும்."

மேஸ்திரி தங்கச்சியைப் பார்த்தான். நூறு கிலோவை முதுகில் ஏற்றும்போது கூட அவன் முகத்தில் அந்தப் பயம் வந்ததில்லை.

"நான் என்னத்தச் சொல்ல?"

"படத்தைக் காட்டு. ஒவ்வொண்ணா தள்ளு. இந்தத் தாளைக் குடு. எவ்வளவு பேர் பார்த்தாங்கன்னு கேட்டா மூவாயிரம்னு சொல்லு. வேற பெயிண்ட் கம்பெனி வருமான்னு கேப்பாங்க, வராது, எழுதித் தர்றோம்னு சொல்லு."

"மூவாயிரம். வராது."

"எழுதித் தர்றோம்."

"எழுதித் தர்றோம்," என்று ஒப்புவித்தான். அவள் தன் போனை அவன் கையில் திணித்தாள். படமெல்லாம் அதில்தான் இருந்தது. அவனிடம் இருந்தது பட்டன் போன், அதையும் மார்க்கெட்டில் சட்டையோடு மாட்டிவிட்டு வந்திருந்தான். லிப்ட் கதவு அவனை விழுங்கியது.

"அண்ணன் கோல் போட்ருவாரு," என்றான் ஒட்டடை.

"உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்."

வெளியே செக்யூரிட்டியின் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். காலையிலிருந்து வெறும் தேத்தண்ணி. கட்டைவிரல் விண் விண் என்று தெறித்தது.

கால் மணி கூட ஆகவில்லை, அவன் இறங்கி வந்துவிட்டான். வந்த வேகத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னாச்சு?"

"நல்ல மனுசன்தான். படத்தையெல்லாம் பார்த்தாரு. கூட்டம் நல்லாருக்கேன்னாரு." போனை நீட்டினான். "அப்புறம், எங்க பேனர் எந்தப் பக்கம் வரும், டிவி கிவி உண்டா, பணத்தை ரெண்டு தவணையா குடுத்தா ஒத்துக்குவீங்களான்னு கேட்டாரு. நீ சொல்லிக் குடுத்ததுல ஒண்ணு கூடக் கேக்கலை."

"தாள்லதான் இருக்கே, பேனர் எங்கன்னு."

"தாளைப் படிக்க நேரமில்ல, நீங்களே சொல்லுங்கன்னாரு. நான் சொன்னேன், அதெல்லாம் என் தங்கச்சிக்குத்தான் தெரியும், கீழ நிக்கறாள்னு. சரி, போன் போட்டுக் குடுங்க பேசுறேன்னாரு."

"போட வேண்டியதுதானே?"

"எந்தப் போனுக்குப் போட? உன் போன்தான் என் கையில இருக்கு."

ஒட்டடை சிரித்துவிட்டு, ஊசியக்காவின் முகத்தைப் பார்த்ததும் பேனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். அவனிடம் போனே கிடையாது.

"கீழ வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே அண்ணே."

"கேட்டேன். அதுக்குள்ள வண்டி வந்துருச்சுன்னு எழுந்துட்டாரு. வேணாம்னு சொல்லலை. செவ்வாக்கிழமை வாங்க, யார் யார் வர்றாங்கன்னு பேரோட எழுதி அனுப்பச் சொல்லுங்கன்னாரு."

அவள் அங்கேயே நின்றபடி போனிலேயே புதிதாக எழுதினாள். மடங்காத கட்டைவிரலால் முடியவில்லை, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினாள். செவ்வாய் காலை பதினொன்று. வருபவர்கள் மூன்று பேர், மூவரின் பெயரும் அட்டையில் உள்ளபடி. காட்டப்போவது: பேனர் வரும் இடங்களின் வரைபடம், தவணை விவரம், மாதிரி பேனர். அனுப்பிவிட்டு மைதானத்துக்கு ஓடினார்கள். பஸ்ஸில் போகும்போதே உதவியாளரிடமிருந்து பதில் வந்தது. செவ்வாய் பதினொன்று உறுதி, மூவருக்கும் பாஸ் தயாராக இருக்கும்.

மைதான ஆபீஸில் குமாஸ்தாவின் எதிரே அதே நாளுக்கு மைதானம் கேட்டு வந்த, கண்காட்சி நடத்துகிற ஒருவர் பணப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"செவ்வாக்கிழமை வரைக்கும் தள்ளிக் குடுங்க சார். பாருங்க, கம்பெனியில நேரம் குடுத்துட்டாங்க." போனை மேசையில் வைத்தாள்.

குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார். "சந்திப்புன்னுதாம்மா போட்டிருக்கு. பணம் தர்றோம்னு எங்கயும் இல்லையே. சந்திப்புக்கு நான் எப்படி ரசீது போடறது?"

"பெரியவரே, நாங்க மூட்டை தூக்கறவங்க. ஓடிப்போற ஆளுங்க இல்ல," என்றான் மேஸ்திரி.

"தெரியும்ப்பா. எனக்கு மேல இருக்கறவனுக்குத் தெரியாதே. அஞ்சு மணி வரைக்கும் இவரை உட்கார வெக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

மேஸ்திரி கமிஷன் கடைகளுக்கு ஓடினான். ஊசியக்கா இருந்த எண்களுக்கெல்லாம் போன் போட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரும் பணம் எடுத்துத் தர மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் போட்டாள். ஐந்து மணிக்குக் குமாஸ்தா அவளைப் பார்க்காமலேயே ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். கண்காட்சிக்காரர் பையைத் திறந்தார்.

வெளியே வந்த பிறகு ஒட்டடைதான் கேட்டான். "அப்ப செவ்வாக்கிழமை போறோமா அக்கா? பாஸ் போட்டிருக்காங்களே."

"போய் என்னத்தடா காட்டறது? இடமே இல்லாத போட்டிக்குப் பேனர் எந்தப் பக்கம்னா சொல்றது?"

"வேற மைதானம் பார்ப்போம்," என்றான் மேஸ்திரி. மறுபடி முன்பணம் கட்ட இருவர் கையிலும் காசில்லை.

அதற்குள் மீன் மார்க்கெட் அணியின் கேப்டன் போன் போட்டுவிட்டான். மைதானம் கைமாறியது அவனுக்கு எப்படியோ எட்டியிருந்தது. அவள் எடுத்துக் காதில் வைத்தாள். அவன் திட்டவில்லை. கட்டின பணம் எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டான்.

எட்டு அணிகள், அணிக்கு மூவாயிரம். இருபத்து நாலாயிரம் கொடுக்க வேண்டும்.