பை இல்லாதவர்கள் மூன்றாம் வாசல்

விழா மைதானத்துக்கு மூன்று வாசல்கள். ஒன்றும் இரண்டும் பையோடு வருகிறவர்களுக்கு. அங்கே நீள மேசை போட்டு, பையின் எல்லா ஜிப்பையும் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். மூன்றாவது, கையை வீசிக்கொண்டு வருகிறவர்களுக்கு. உலோகச் சோதனைக்கான கதவுச் சட்டத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தால் வேலை முடிந்தது. இதை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. மற்ற நாட்களில் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடைக்கு வரும் என்று சொல்கிறவள் நான். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை பழகிவிட்டது. சொன்னதைக் கேட்காத ஜனங்கள் மேல் பல்லைக் கடிப்பதும் பழகிவிட்டது.

கட்டுப்பாட்டு அறை என்று பெயர், உண்மையில் அது ஒரு தகரப் பெட்டி. இரும்புப் படி ஏறிப் போக வேண்டும். உள்ளே கேமராத் திரைகள், ஒரு மைக், மைக்கின் பக்கத்தில் இரண்டு சுவிட்சுகள். ஒன்றைப் போட்டால் வாசலுக்கு வெளியே வரிசைகளின் மேல் கட்டியிருக்கும் கூம்பு ஒலிபெருக்கிகள் பேசும். இன்னொன்றைப் போட்டால் உள்பக்கக் கூம்புகள் பேசும். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. போட்டால் எதிரொலி ஒன்றோடொன்று மோதி, சொல்கிறவளுக்கே என்ன சொன்னோம் என்று புரியாது.

என் பின்னால் உட்கார்ந்திருந்தவர் பொறுப்பாளர். எதற்கெடுத்தாலும் "நிதானம், நிதானம்" என்பதால் அவருக்கு நிதானம் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. படிக்க வேண்டிய அறிவிப்பெல்லாம் அவர் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது. அவர் தலையசைக்காமல் நான் ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

"கூட்டத்துக்கு ஒரே குரல்தாம்மா இருக்கணும். நீங்க ஒண்ணு சொல்லி, கீழ நிக்கிற போலீஸ் வேற ஒண்ணு சொன்னா, அவங்க ரெண்டையும் விட்டுட்டு முன்னாடி போறவன் முதுகைப் பார்த்துப் போயிடுவாங்க" என்பார். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

அன்று எனக்கு வேறொரு கவலை. என் தங்கைக்கு ஒன்பதாம் மாதம். வீட்டில் எல்லோரும் தலைகீழாக நின்று தடுத்தும் விழாவுக்குக் கிளம்பிவிட்டாள். "உள்ள இருக்குறவனும் பாட்டு கேக்கட்டும்க்கா" என்று சமாதானம் வேறு. பிடிவாதத்தில் அவள் எங்கள் அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். சரி, தொலையட்டும் என்று நான்தான் வழி சொல்லியிருந்தேன்: நீ வெறுங்கையோடு மூன்றாம் வாசலில் வா, பையெல்லாம் உன் வீட்டுக்காரர் கையில் இருக்கட்டும், அவர் பை வரிசையில் வரட்டும், உனக்கு அதிக நேரம் நிற்கிற வேலை இருக்காது.

வெயில் தணிந்ததும் கூட்டம் ஏறியது. தாளில் இருந்தபடி வெளி சுவிட்சைப் போட்டுப் படித்தேன்.

"பை வைத்திருப்பவர்கள் ஒன்றாம், இரண்டாம் வாசலுக்குச் செல்லுங்கள். பை இல்லாதவர்கள் மூன்றாம் வாசலுக்குச் செல்லுங்கள். மூன்றாம் வாசலில் விரைவாக நுழையலாம்."

ஜனங்கள் கேட்டார்கள். என் வாழ்க்கையில் முதல் முறையாகச் சொன்னவுடனே கேட்டார்கள். வரிசைகள் அழகாகப் பிரிந்தன. நான் தண்ணீர் குடித்துவிட்டு, பரவாயில்லையே, இந்த ஊருக்குக் காது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. மூன்றாம் வாசலின் உள்பக்கத் திரையில் ஒரு கும்பல் தெரிந்தது. சோதனைச் சட்டத்தைத் தாண்டி வந்தவர்கள் மைதானத்துக்குள் போகாமல், இரண்டு கம்பித் தடுப்புகளுக்கு நடுவே இருந்த பாதையிலேயே நின்றார்கள். பின்னால் வருகிறவர்கள் அவர்களைச் சுற்றிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் சுற்றிப் போகவும் இடமில்லை. வெளியே வரிசை நகராமல் நெருங்க ஆரம்பித்தது.

உள் சுவிட்சைப் போட்டேன். "வாசல் அருகில் நிற்க வேண்டாம். தயவுசெய்து முன்னே செல்லுங்கள்."

ஒருவரும் அசையவில்லை. மறுபடி படித்தேன். சிலர் கூம்பை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வேறு யாருக்கோ சொல்கிறார்கள் என்பதுபோல் வாசல் பக்கமே திரும்பிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செவுடா சார் இவங்கல்லாம்? முன்னாடி மைதானமே காலியாக் கெடக்கு!"

"நிதானம்" என்றார் சார். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

வாக்கிடாக்கியில் இன்ஸ்பெக்டர் கத்தினார். "மூணாம் வாசல் ஜாம் ஆயிடுச்சு. கேட்டை மூடிடட்டுமா?"

"கேட்டை மூடாதீங்க. மூடினா முன்னாடி நிக்கிறவங்களுக்குப் போக வழி இல்ல, பின்னாடி வர்றவங்களுக்கு அது தெரியாது, தள்ளிக்கிட்டே இருப்பாங்க. வரிசையோட வாலைப் பிடிங்க. ரோட்டுப் பக்கம் புதுசா யாரும் சேராம நிறுத்துங்க. உள்ள நான் பார்த்துக்குறேன்" என்றார் சார்.

உள்ளே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாரே தவிர, எப்படி என்று அவருக்கும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்போதுதான் என் போன் அடித்தது. தங்கை.

"அக்கா, நான் உள்ள வந்துட்டேன். ஆனா இங்க ஒரே நெரிசலா இருக்கு. மூச்சு முட்டுது."

"எங்கடி நிக்கிற?"

"மூணாம் வாசல் தாண்டி உடனே. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பின்னாடி இருந்து இடிக்கிறாங்க."

"அங்க ஏன்டி நிக்கிற? நடந்து மைதானத்துக்குள்ள போயேன்! நான்தான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேனே, கேக்கலையா?"

"கேக்குது. நான் போயிட்டா அவர் என்னை எங்கன்னு தேடுவாரு? அவர் போனு போகவே மாட்டேங்குது. பை எல்லாம் அவர்கிட்டதான் இருக்கு. ஆஸ்பத்திரி ஃபைல் கூட அதுலதான். இங்க எல்லாரும் அப்படித்தான் நிக்கிறாங்க, பக்கத்துல இருக்குற அம்மா அவங்க மகனுக்காக..."

இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தால் போகவில்லை.

திரையைப் பார்த்தேன். ஒருத்தருக்கும் காது கேட்காமல் இல்லை. எல்லோருக்கும் நன்றாகக் கேட்டிருக்கிறது. பை இல்லாதவர்கள் மூன்றாம் வாசல் என்று நாங்கள் சொன்னோம், ஒவ்வொரு குடும்பமும் அங்கேயே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பையைத் தூக்குகிறவர் ஒரு வரிசையில், மற்றவர்கள் இன்னொன்றில். விரைவாக நுழைந்தவர்கள் மெதுவாக நுழைகிறவர்களுக்காக வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்கிறார்கள். தன் ஆளை விட்டுவிட்டு எவன் முன்னே போவான்? என் தங்கையே போக மாட்டாள். அவளுக்கு அந்த வழியைச் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே.

"சார், அவங்க ஆளுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. முன்னாடி போங்கன்னா போக மாட்டாங்க. எங்க போய்க் காத்திருக்கணும்னு சொன்னாத்தான் போவாங்க."

சார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மைதானத் திரையைப் பார்த்தார். நடுவே, எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, உயரமான நீலத் தண்ணீர்த் தொட்டி. சுற்றிலும் வெறும் புல்.

"நீலத் தொட்டி" என்றார்.

"அது மட்டும் போதாது சார். உள்ள இருக்குறவங்களுக்கு மட்டும் சொன்னா, வெளிய இருக்குறவருக்குத் தெரியுமான்னு சந்தேகப்பட்டு மறுபடியும் அங்கேயேதான் நிப்பாங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கேக்கணும். வெளிய இருக்குறவங்க கேக்குறாங்கன்னு உள்ள இருக்குறவங்களுக்குத் தெரியணும்."

"ரெண்டு சுவிட்சையும் போட்டா எதிரொலி அடிக்குமே."

"துண்டு துண்டா, நிறுத்தி நிறுத்திச் சொல்றேன்."

அவர் தாளைப் பின்பக்கம் திருப்பி வேகமாக எழுதினார், கையெழுத்துப் போட்டார், என் முன்னால் வைத்தார். அந்த அவசரத்திலும் கையெழுத்துப் போட்ட மனுஷன். இரண்டு சுவிட்சையும் சேர்த்துப் போட்டேன்.

"எல்லா வாசல்களுக்கும் ஒரே அறிவிப்பு."

எதிரொலி அடங்கும்வரை காத்திருந்தேன்.

"குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்கள், மைதானத்தின் நடுவில் உள்ள நீலத் தண்ணீர்த் தொட்டிக்குச் செல்லுங்கள்."

மறுபடி காத்திருந்தேன்.

"உள்ளே இருப்பவர்கள், இப்போதே செல்லுங்கள். பை வரிசையில் இருப்பவர்களும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சோதனை முடிந்து நேராக நீலத் தொட்டிக்கு வருவார்கள்."

அதே வார்த்தைகளை மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். பிறகு வெளிப்பக்கம் மட்டும்: "இனி வருபவர்கள் குடும்பமாகச் சேர்ந்தே வாருங்கள். ஒருவரிடம் பை இருந்தாலும், எல்லோரும் ஒன்றாம் அல்லது இரண்டாம் வாசல் வரிசையில் நில்லுங்கள்."

திரையில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தோளில் குழந்தையை வைத்திருந்த ஒருவர் திரும்பித் தொட்டியைப் பார்த்தார், நடந்தார். அவர் பின்னால் நான்கு பேர். அப்புறம் எண்ண முடியவில்லை. தடுப்புகளுக்கு நடுவே தரை தெரிய ஆரம்பித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மஞ்சள் உடை மட்டும் நின்றது, வயிற்றில் ஒரு கையோடு. போடி, போ, என்று திரையிடம் கெஞ்சினேன். அவள் ஒருமுறை பை வரிசைப் பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகத் தொட்டியை நோக்கி நடந்தாள்.

"வெளிய நெருக்கம் குறைஞ்சிடுச்சு" என்றது வாக்கிடாக்கி. நிதானம் சார் நாற்காலியில் பொத்தென்று விழுந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பாடா" என்றார்.

எனக்கு அப்பாடா வரவில்லை. தொட்டியடியில் கூட்டம் கூடிக்கொண்டே இருந்தது. எல்லோரும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வருவார்கள் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். யாரைக் கேட்டு? வெளியே இருந்த எந்த மனிதரும் என்னிடம் வருகிறேன் என்று சொல்லவில்லை. என் தங்கை வீட்டுக்காரரோ, பக்கத்தில் இடி விழுந்தாலும் போனில் கிரிக்கெட் பார்க்கிற ஆசாமி. அவர் கேட்டிருக்காவிட்டால் அவள் அங்கே எவ்வளவு நேரம் நிற்பாள்?

பை வரிசையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இரண்டு கையிலும் பையோடு, தோளில் பையோடு, நேராகத் தொட்டிக்கு. ஒருத்தர் கூட வாசலில் நின்று தேடவில்லை. ஒரு சின்னப் பெண் ஓடிப்போய் அவள் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். நான் மஞ்சள் உடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பையைச் சுமந்துகொண்டு ஒரு ஆள் புல்லில் ஓட்டமும் நடையுமாக வந்தார், சட்டை பாதி வெளியே. மஞ்சள் உடை அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தது. பிறகு அந்தத் தோளிலேயே சாய்ந்துகொண்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மைக்கை அணைத்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டு அழுதேன். சார் எழுந்து வந்து, அடுத்த அறிவிப்பைத் தானே படித்தார். அவர் குரலுக்கும் மைக்குக்கும் ஏழாம் பொருத்தம், ஆனாலும் படித்தார்.

இடைவேளையில் இறங்கிப் போனேன். தொட்டி நிழலில் தங்கை காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் பைகளுக்குக் காவலாக நின்றார். அவர் எங்கே கேட்டிருக்கப் போகிறார், யாரையோ பார்த்துப் பின்னாலேயே வந்திருப்பார் என்று நான் நினைத்ததை வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"கேட்டேன்க்கா" என்றார். "மேசையில பையைத் திறந்து வச்சிருந்தாங்க. நாங்க வருவோம்னு நீங்க எல்லாருக்கும் சொல்லிட்டீங்க. வரிசையில எங்க எல்லாருக்கும் ஒரே பதட்டம். நீங்க சொல்லிட்டீங்களே, நாங்க போகலைன்னா அவங்க அங்க நிப்பாங்களேன்னு. ஜிப்பைக் கூடப் போடாம ஓடி வந்தோம்."

பார்த்தேன். மூன்று பையும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. சுற்றிலும் புல்லில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள் பைகளை மடியில் வைத்து, சிதறியதை உள்ளே தள்ளி, ஒவ்வொரு ஜிப்பாக மூடிக்கொண்டிருந்தார்கள்.